நம் கைக்கே வராத பதில்

கணினித் திரையின் ஒரு பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், எடுத்தாயிற்று என்று கணினி ஒரு வார்த்தை சொல்லும். சில வேளைகளில் அது சொல்வதில்லை. படம் எடுக்கப்பட்டிருக்கும், சொல்வது மட்டும் நடந்திருக்காது. இது பழுது இல்லை, எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடிதான் இயங்குகிறது என்று தெரிந்த பிறகும் மனம் இதை விட மறுக்கிறது. விண்டோஸ் கணினியில் நடப்பதை அருகில் வைத்துப் பார்க்கலாம். Win+Shift+S விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் திரை முழுவதும் ஒரு படி மங்குகிறது. அம்புக்குறி கூட்டல் குறியாகிறது. வேண்டிய பகுதியின் ஒரு மூலையில் தொடங்கி எதிர்மூலைவரை இழுக்கிறோம். இழுத்த இடம் மட்டும் தெளிந்து பழைய ஒளிக்கு வருகிறது. விரலை எடுத்ததும் மங்கல் விலகுகிறது. அதன்பின் வலப்பக்கக் கீழ்மூலையிலிருந்து சிறிய அட்டை ஒன்று மேலேறி வந்து நிற்கும். வெட்டிய படத்தின் சிறுவடிவம் அதிலேயே இருக்கும். கிளிப்போர்டில் வைத்தாயிற்று என்ற வாசகமும் இருக்கும். ஐந்து நொடி நின்றுவிட்டுப் போய்விடும். 'தொந்தரவு செய்யாதே' என்ற ஏற்பாடு இயக்கத்தில் இருந்தால் அந்த அட்டை வராது. மங்கல் விலகியதோடு எல்லாம் முடிந்துவிடும். என்னை உறுத்துவது இதற்கு அடுத்த விஷயம். பாதியில் மனம் மாறி Esc அழுத்திக் கைவிட்டாலும் மங்கல் இதேபோலத்தான் விலகும். எடுத்ததும் எடுக்காததும் கண்ணுக்கு ஒன்றுபோலவே முடிகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த ஓர் அட்டைதான் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி பழைய இதழ்களின் ஸ்கேன் கோப்புகளிலிருந்து சிறுகதைகளுக்கு அட்டவணை தயாரிக்கிறார். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அச்சு. எழுத்து சிறியது, தாள் பழுத்தது, ஸ்கேன் செய்தவர் அவசரக்காரர். கதையின் தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழின் எண், மாதம் ஆகியவை இருக்கிற பகுதியை மட்டும் வெட்டித் தன் குறிப்புக் கோப்பில் ஒட்டிக்கொள்வார். பின்னால் யாராவது ஐயம் எழுப்பினால் காட்ட அந்த வெட்டுப்படம்தான் சான்று. எழுத்து கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக உலாவியில் கோப்பைத் திறந்து F11 அழுத்தித் திரை முழுவதையும் பக்கத்துக்கே கொடுத்துவிடுவார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெட்டுவார், அட்டை வராது. மறுபடி வெட்டுவார். மூன்றாம் முறை விசைகளை அழுத்தும்போது விரலில் கடுமை ஏறியிருக்கும். சரியாக அழுத்தவில்லையோ என்று கை தன்னையே சந்தேகிக்கிற கடுமை அது. "எடுத்துச்சா எடுக்கலையான்னே தெரியல, அதான் ரெண்டு மூணு தடவை எடுத்துடுறேன்" என்றார் என்னிடம். கணினி பழுதுபார்க்கும் இளைஞரை வரவழைத்தார். அவர் வந்ததும் முதல் வேலையாக முழுத்திரையிலிருந்து வெளியே வந்தார்; அமைப்புகளைத் திறக்க யாரும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு ஒரு மூலையை வெட்டிப் பார்த்தார். அட்டை ஒழுங்காக வந்து நின்றது. "இங்க வருதே மேடம்" என்றார். "நீங்க இருக்கும்போது மட்டும் வருது தம்பி" என்றார் இவர். இருவர் சொன்னதும் உண்மை. முழுத்திரையில் ஒரு செயலி இருக்கும்வரை அறிவிப்புகளை அடக்கிவை என்பது விண்டோஸில் இருக்கிற விதிகளில் ஒன்று. முழுத்திரையைவிட்டு வந்த கணமே விதி தளர்ந்துவிடுகிறது. சோதிப்பதற்கான முதல் அசைவே நோயைக் கலைத்துவிட்டது. அந்த இளைஞர் போனதும் அவர் மறுபடி F11 அழுத்தினார். அட்டையும் மறுபடி நின்றுபோனது.

இந்த அடக்கம் ஒரே நாளில் வந்தது இல்லை. விண்டோஸ் 8.1 காலத்திலேயே, அதாவது 2013இல், இரவு நேரத்தில் அறிவிப்புகளை நிறுத்திவைக்கும் அமைதி நேரம் என்ற ஏற்பாடு இருந்தது. 2018 ஏப்ரல் பதிப்பில் அது ஃபோகஸ் அசிஸ்ட் என்ற பெயரில் விரிந்தது. மனிதர் கையால் போடுவதோடு நில்லாமல், சூழலைப் பார்த்துத் தானே விழித்துக்கொள்ளும் விதிகள் அதனோடு வந்தன. குறித்த நேரங்களில், விளையாடும்போது, திரையைப் புரொஜெக்டரில் பிரதியெடுத்துக் காட்டும்போது என்று அவை பெருகின. அடுத்த ஆண்டு முழுத்திரைக்கான விதியும் சேர்ந்தது. விண்டோஸ் 11இல் இதன் பெயர் Do not disturb. கூடவே Focus என்ற கடிகாரம் வைத்த ஏற்பாடும் இருக்கிறது. அரை மணி நேரம் கவனமாக வேலை செய்யப்போகிறேன் என்று அதைத் தொடங்கினால், அதுவும் பின்னணியில் தொந்தரவு செய்யாதே என்பதைத் தானே போட்டுவிடுகிறது. ஆகவே ஒருவர் தன் கையால் எதையும் அணைக்காமலேயே அட்டை நின்றுபோக இத்தனை வழிகள் இருக்கின்றன. இரவுக்கான நேரவிதியை என்றோ ஒருநாள் போட்டுவிட்டு மறந்தவர், மாலைவரை வந்த அட்டை இரவில் மட்டும் ஏன் வரவில்லை என்று திகைப்பார். பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, வகுப்பில் கேபிளைச் செருகியதும் நின்று, ஆசிரியர் அறையில் கழற்றியதும் திரும்பி வரும். ஒவ்வொருவரும் தன் கணினிக்கு மட்டுமே உரிய ஏதோ விசித்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணினி இதை முற்றிலும் மறைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். விண்டோஸ் 11இல் கடிகாரத்துக்கு அருகே உள்ள மணிச்சின்னத்தில் தூக்கத்தைக் குறிக்கிற சிறு எழுத்துகள் தோன்றும். விண்டோஸ் 10இல் ஒரு பிறைநிலா தோன்றும். ஆனால் முழுத்திரையில் இருக்கும்போது பணிப்பட்டையே கண்ணில் படாது. அடையாளம் வைக்கப்பட்ட இடமும் அடையாளம் தேவைப்படுகிற இடமும் சந்தித்துக்கொள்வதில்லை.

தொந்தரவு என்றால் யாருடைய தொந்தரவு என்பதுதான் திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நிற்கிற கேள்வி. மின்னஞ்சல் வந்திருக்கிறது, யாரோ கூப்பிடுகிறார், ஏதோ ஒரு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள விரும்புகிறது: இவை வெளியிலிருந்து வருபவை. நான் கேட்காதவை, எனக்கு வேலை இருக்கும்போது காத்திருக்கக் கூடியவை. அவற்றை நிறுத்திவைக்கத்தான் இந்த ஏற்பாடு. ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் வருகிற அட்டை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை. ஒரு நொடிக்கு முன் என் விரல் செய்த காரியத்தின் மறுமுனை அது. நான் கேட்டேன், அது பதில் சொல்கிறது. வாசலில் யாரையும் விடாதே என்று காவலாளிக்குச் சொல்லிவைத்த ஒருவர், தான் அனுப்பிய பதிவுத்தபாலுக்குத் திரும்பி வந்த ஒப்புகை அட்டையையும் அந்தக் காவலாளி திருப்பி அனுப்பிவிட்டதை அறிந்தால் என்ன சொல்வார்? காவலாளியைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்குத் தபால் என்றால் எல்லாம் தபால். கணினியிலும் அதேதான். ஸ்னிப்பிங் டூல் தன் பதிலைச் சொல்லப் பயன்படுத்துகிற பாதையும் அரட்டைச் செயலி தன் கூச்சலை அனுப்புகிற பாதையும் ஒன்று. இரண்டும் அறிவிப்பு என்ற ஒரே வாய்க்காலில் வருகின்றன. மடை அடைத்தால் இரண்டும் நிற்கும். எந்த அட்டை மனிதர் செய்த செயலுக்கான பதில், எது அழையாமல் வந்தது என்று மடைக்குத் தெரிய வழியில்லை. அதைப் பிரித்துச் சொல்லவேண்டியவர்கள் செயலியை வடிவமைத்தவர்கள். அவர்கள் பதிலை எந்தப் பாதையில் அனுப்பத் தீர்மானித்தார்களோ, அந்தத் தீர்மானத்தில்தான் இந்த மௌனம் பிறக்கிறது.

இதற்கு நேரெதிரான எண்ணமும் எனக்கு வராமல் இல்லை. பதில் எதற்கு? PrtScn என்ற விசை விசைப்பலகையில் இருப்பது 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து. அன்று அதன் பெயரே அதன் வேலை. Shift விசையோடு சேர்த்து அழுத்தினால் திரையில் இருக்கிற எழுத்துகள் அச்சு இயந்திரத்துக்குப் போகும். ஊசித்தலை நாடாவின்மேல் இடமும் வலமுமாக ஓடும் ஓசையும், ஓரங்களில் துளையிட்ட தாள் அங்குலம் அங்குலமாக மேலே ஏறுவதும்தான் அன்றைய ஒப்புகை. அறையில் இருக்கிற எல்லோருக்கும் அது கேட்டிருக்கும். பிறகு விண்டோஸ் வந்தது. அதே விசை திரையைப் படமாக்கி கிளிப்போர்டில் வைத்தது, ஓசையும் இல்லை, ஒளியும் இல்லை. ஆண்டுக்கணக்கில் மக்கள் அந்த விசையை அழுத்திவிட்டு, பெயின்ட் செயலியைத் திறந்து Ctrl+V போட்டு, அங்கே படம் விழுந்த பிறகுதான் எடுத்திருக்கிறது என்று அறிந்துகொண்டார்கள். யாரும் கலங்கவில்லை. பதில் வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை, ஆகவே யாரும் காத்திருக்கவும் இல்லை. ஒட்டிப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. கலக்கம் வந்தது பதிலைப் பழக்கிய பிறகு. வெட்டினால் மூலையில் அட்டை வரும் என்று கை கற்றுக்கொண்டது. அதன்பின் அட்டை வராததற்குக் கைக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: நடக்கவில்லை. எப்போதும் பேசாதவரின் மௌனத்தில் செய்தி எதுவும் இல்லை. தினமும் பதில் சொல்லி வந்தவர் இன்று சொல்லாவிட்டால் அது செய்தி. எனவே இந்த அட்டையை அறிமுகப்படுத்தியவர்கள் ஒரு வசதியை மட்டும் தரவில்லை. இனி என் மௌனத்தையும் நீ படிப்பாய் என்ற ஒப்பந்தத்தையும் சேர்த்தே தந்திருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தை வேறொரு ஏற்பாடு, அதைப் பற்றி எதுவும் அறியாமலேயே, முறித்துவிடுகிறது.

அட்டைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அதனால் இழப்பு இரட்டிப்பாகிறது. அதைத் தொட்டால் வெட்டிய படம் ஸ்னிப்பிங் டூலின் திருத்தும் பக்கத்தில் திறக்கும். கோடு போடலாம், மறைக்கவேண்டியதை மறைக்கலாம், வேண்டிய பெயரில் சேமிக்கலாம். அதாவது அது சொல் மட்டும் இல்லை, கதவும்தான். அட்டை வராதவருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடுகிறது. விசைகளின் வழியே வெட்டும்போது ஸ்னிப்பிங் டூலின் சாளரம் எங்கும் திறந்திருப்பதில்லை. பெரும்பாலானோர் அந்தச் செயலியைத் தனியாகத் திறந்ததே கிடையாது. அட்டையைத் தொட்டால் வருகிற ஏதோ ஒன்று என்றுதான் அதை அறிந்திருக்கிறார்கள். அடக்கப்பட்ட அறிவிப்புகள் அழிந்துவிடுவதில்லை, நேராக அறிவிப்பு மையத்துக்குப் போய் வரிசையில் நிற்கும் என்பது விதி. விண்டோஸ் 11இல் Win+N அழுத்தினால், விண்டோஸ் 10இல் Win+A அழுத்தினால், அந்த வரிசை வலப்பக்கம் திறக்கும். ஆனால் செய்த காரியத்தின் பதிலை ஒரு நொடிக்குள் எதிர்பார்த்தவர், அரை மணி கழித்து எந்தெந்தக் கடிதங்களுக்கோ அடியில் அதைத் தேடிக் கண்டெடுப்பது என்ன பதில்? நேரம் தப்பிய பதில், நேரம் தப்பிய மருந்து மாதிரியும் பயன்படாது. இங்கே அது வீண் அலைச்சலைத்தான் கூட்டுகிறது.

உண்மையான சேதம் எங்கே நடக்கிறது என்பதை நான் சொன்ன பெண்மணியின் இரண்டு கணினிகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வீட்டில் இருப்பது விண்டோஸ் 11. அதன் ஸ்னிப்பிங் டூல் வெட்டியதைக் கிளிப்போர்டில் வைப்பதோடு, Pictures கோப்புறைக்குள் இருக்கிற Screenshots என்ற உட்கோப்புறையில் தானாகவே ஒரு பிரதியைச் சேமித்துவிடுகிறது. அந்த உட்கோப்புறையைத் திறந்தபோது ஒரே தலைப்பு, ஒரே பத்தி, ஓரங்கள் மட்டும் சற்றே மாறிய படங்கள் இரண்டும் மூன்றுமாக அடுக்கியிருந்தன. நேரம் ஒட்டிய கோப்புப் பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சில நொடிகள்தான் இடைவெளி. கையின் ஐயம் கோப்புகளாகப் படிந்து கிடந்தது. இங்கே நட்டம் எதுவும் இல்லை, இடநெருக்கடி மட்டும்தான். அவர் வாரத்தில் சில நாள் போகிற நூலகத்துக் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. அங்கே வெட்டுவது ஸ்னிப் அண்ட் ஸ்கெட்ச் என்ற முந்தைய செயலி. அது தானாக எதையும் கோப்பாகச் சேமிக்காது. வெட்டியது கிளிப்போர்டில் மட்டும் இருக்கும். சேமிக்கவேண்டும் என்றால் அட்டையைத் தொட்டு உள்ளே போய்ச் சேமிக்கவேண்டும். கிளிப்போர்டு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். அங்கே அவர் ஒரு தொடர்கதையின் நிறைவுப் பகுதி வெளிவந்த பக்கத்தை வெட்டினார், அட்டை வரவில்லை, எடுக்கவில்லை என்று முடிவு கட்டினார். ஆசிரியரின் பெயரை மட்டும் எழுத்தாகத் தேர்ந்தெடுத்து Ctrl+C போட்டார். அந்தக் கணத்தில் கிளிப்போர்டில் பத்திரமாக இருந்த படம் போய்விட்டது. அதை அழித்தது வேறு யாரும் இல்லை, படம் இல்லை என்று அவர் நம்பிய நம்பிக்கைதான். ஸ்கேன் கோப்பு அங்கேயே இருந்ததால் மறுபடி வெட்ட முடிந்தது. ஆனால் எல்லாமே அப்படிக் காத்திருப்பதில்லை. ஒரு நொடி தோன்றி மறைகிற பிழைச்செய்தி, காணொளியின் ஒரு சட்டகம், பணம் கட்டியதும் ஒருமுறை மட்டும் காட்டப்படுகிற பற்றுச்சீட்டு எண் ஆகியவற்றை எடுத்தவர், எடுக்கவில்லை என்று நினைத்து அவசரமாக மறுபடி எடுக்கும்போது இரண்டாவது படத்தில் இருப்பது வேறு திரை. முதல் படத்தின்மேல் அந்த வேறு திரை ஏறி உட்கார்ந்துவிடும்.

இதை எழுதும்போதே என் வாதத்துக்கு எதிரான ஒன்று மனத்தில் நிற்கிறது. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த அட்டை வெறும் சொல்லாக இல்லாமல் வெட்டிய படத்தின் சிறுவடிவத்தையும் தாங்கி வருகிறது என்று சொன்னேன். ஒருவர் கூட்டத்தின் முன் தன் திரையைப் புரொஜெக்டரில் காட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், திரையில் இருப்பதைத்தான் வெட்டுவார், ஆகவே சிறுவடிவத்தால் புதிதாக எதுவும் வெளிப்பட்டுவிடாது. அது சரி. ஆனால் அந்த அட்டை வருகிற வழியைத் திறந்துவைத்தால் அதே வழியில் மருத்துவ அறிக்கை பற்றிய மின்னஞ்சலின் முதல் வரியும் வரும், வீட்டுச் சண்டையின் நடுவாக்கியமும் வரும். பிரதியெடுக்கும் திரையில் எதையும் காட்டாதே என்று விதி வைத்தவர்கள் மனிதரின் மானத்தைக் காக்கத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் விதிவிலக்கு வைக்கத் தொடங்கினால் எந்தெந்தச் செயலி நானும் பதில்தான் சொல்கிறேன் என்று வந்து நிற்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நீங்கள் போட்ட பதிவுக்கு இத்தனை பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள் என்பதும் என் செயலுக்கான பதில்தான் என்று ஒரு செயலி வாதாடும். எனவே மடையில் ஓட்டை போடுவது தீர்வாகாது என்றே நினைக்கிறேன். பதிலை வாய்க்காலுக்கு வெளியே, செயல் நடந்த இடத்திலேயே சொல்லிவிடுவதுதான் தீர்வு.

அப்படிச் சொல்கிற முறைகள் இல்லாமல் இல்லை. விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. Win+PrtScn அழுத்தினால் முழுத்திரையும் படமாகி Screenshots உட்கோப்புறைக்கு நேராகப் போகும். அந்த நேரத்தில் திரை கண்ணிமைக்கும் பொழுதுக்கு மங்கித் தெளியும். அட்டை கிடையாது. மங்கித் தெளிவதே பதில். அறிவிப்பு என்ற பாதையில் வராததால் தொந்தரவு செய்யாதே என்பது அதைத் தொடுவதில்லை. 2018இல் வந்த மேக் மொஹாவியிலிருந்து, மேக் கணினியில் எடுத்த படத்தின் சிறுவடிவம் வலக் கீழ்மூலையில் மிதந்து நிற்கிறது. பார்ப்பதற்கு விண்டோஸின் அட்டை போலவே இருந்தாலும் அது அறிவிப்பு இல்லை, ஸ்கிரீன்ஷாட் செயலின் ஓர் உறுப்பு. அங்கே ஃபோகஸ் போட்டிருந்தாலும் அது வரும். ஐபோனில் இந்த மிதக்கும் சிறுவடிவம் அதற்கும் ஓராண்டு முன்பே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் நடந்த மாற்றம் இன்னும் கவனிக்கத்தக்கது. முன்பு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மேற்பட்டையில் ஓர் அறிவிப்பாக வந்துகொண்டிருந்தது. 2020இல் ஆண்ட்ராய்டு 11இல் அதை அங்கிருந்து எடுத்து, மூலையில் மிதக்கும் சிறுவடிவமாக மாற்றினார்கள். லினக்ஸின் க்னோம் மேசையில் இரண்டும் கலந்திருக்கிறது. படம் எடுக்கும்போது திரை வெள்ளையாக ஒருமுறை மின்னும், பிறகு அறிவிப்பும் வரும். தொந்தரவு வேண்டாம் என்று போட்டிருந்தால் அறிவிப்பு பட்டியலுக்குள் ஒதுங்கிக்கொள்ளும், மின்னல் மட்டும் நிற்காது. அந்த ஒரு மின்னல் போதும். கை அமைதியாகிவிடும், இரண்டாம் முறை அழுத்தாது. சொற்களும் சிறுவடிவமும் கதவும் பிறகு மெல்ல வரட்டும், வராமலும் போகட்டும். நடந்தது என்ற ஒன்றை மட்டும் நடந்த இடத்தில், நடந்த கணத்தில் சொல்லிவிடவேண்டும். வெவ்வேறு இடங்களில் கணினி செய்தவர்கள் தனித்தனியே இதே பக்கம் நகர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

அந்தப் பெண்மணிக்கு இப்போது செய்யவேண்டியது இருந்தது, ஆகவே உட்கார்ந்து பார்த்தோம். முதலில் முழுத்திரையில் இருந்தபடியே வெட்டச் சொன்னேன். அட்டை வரவில்லை. வேறு எதையும் தொடாமல் அவருடைய குறிப்புக் கோப்புக்குப் போய் Ctrl+V போடச் சொன்னேன், படம் விழுந்தது. வெட்டுவதில் கோளாறு இல்லை, சொல்வதில்தான் என்பது அத்தோடு உறுதியாயிற்று. ஒட்டியும் படம் விழாமல் இருந்திருந்தால் கதை வேறு, தேடவேண்டிய இடமும் வேறு. பிறகு Win+V அழுத்திக் கிளிப்போர்டு வரலாற்றை இயக்கிவிட்டோம். அதை ஒருமுறை இயக்கவேண்டும். இயக்கிய பிறகு பிரதியெடுத்தவை மட்டுமே அதில் சேரும், கடைசி 25 வரை நிற்கும், கணினியை மறுபடி தொடங்கினால் குத்திவைத்தவை தவிர மற்றவை போய்விடும். நூலகத்துக் கணினியில் நடந்த இழப்புக்கு இதுதான் காப்பு. அதன்பின் Settings, System, Notifications என்று போனோம். செயலிகளின் பட்டியலில் Snipping Tool இருந்தது, அதன் அறிவிப்பும் இயக்கத்தில்தான் இருந்தது. அங்கே "Set priority notifications" என்ற இடத்தில் Snipping Tool செயலியைச் சேர்த்துவிட்டால் தொந்தரவு செய்யாதே போட்டிருக்கும்போதும் அட்டை வரும் என்பதால் அதைச் சேர்த்தோம். இரவுக்கான நேரவிதியில் அது வேலை செய்தது. முழுத்திரையில் அப்போதும் வரவில்லை. காரணம் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. முழுத்திரைக்கும் திரைப்பிரதிக்கும் உள்ள விதிகளில் முன்னுரிமை கொடுத்த அறிவிப்புகளும் மறைக்கப்படும் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. யாரும் அதுவரை படிக்கமாட்டார்கள்.

ஆகவே "When using an app in full-screen mode" என்ற விதியின் குறியையே எடுத்துவிட்டார். அட்டை வந்தது. கூடவே மற்ற எல்லாமும் வந்தன. பழுப்பேறிய பக்கத்தின்மேல் உறவினர் குழுவின் காலை வணக்கம் வந்து நின்றது, தள்ளுபடி வந்தது, செயலி ஒன்று தன் புதிய பதிப்பைப் பற்றிப் பேசியது. அவர் அந்தப் பட்டியலுக்கு மறுபடி போய் ஒவ்வொரு செயலியாகத் திறந்து "Show notification banners" என்பதை அணைத்துக்கொண்டே வந்தார். சில செயலிகள் ஒருமுறையாவது அறிவிப்பு அனுப்பிய பிறகுதான் அந்தப் பட்டியலில் தோன்றும் என்பதால் அந்த வேலை ஒரே அமர்வில் முடிகிறதாக இல்லை. புதிதாக ஏதாவது ஒன்று பக்கத்தை மறைக்கும், உடனே போய் அதை அணைப்பார். "இவ்வளவையும் நானே செய்யணுமா?" என்று கேட்டார். இல்லையென்றால் விதியைத் திரும்பப் போட்டுவிட்டு, வெட்டிய ஒவ்வொன்றையும் உடனே ஒட்டிப் பார்க்கும் பழைய வழக்கத்துக்குப் போகலாம் என்றேன். யோசித்துவிட்டு, அணைக்கிற வேலையையே தொடர்ந்தார்.